ராமானுஜன் எந்த வருடம் எழுதினார்?

"ராமானுஜன் 2004" என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும் கட்டுரைகளை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். ராமாயணம் பற்றி யார் எழுதினாலும் ஏ. கே. ராமானுஜனின் "முந்நூறு ராமாயணங்கள்" கட்டுரையைத் தொடாமல் போக முடியாது. கம்பனின் அகலிகையும் வால்மீகியின் அகலிகையும் எங்கே பிரிகிறார்கள், சமண ராமாயணத்தில் ராவணன் ஏன் அவ்வளவு உயர்ந்தவன், கன்னட நாட்டார் பாடலில் ராவணனே கருவுற்றுத் தும்மி சீதையைப் பெறுவது எப்படி என்று எல்லாம் அதில்தான் இருக்கிறது. மேற்கோள் காட்டுவதில் தவறே இல்லை. எனக்கு இடறுவது அந்த 2004. ராமானுஜன் சிகாகோவில் இறந்தது 1993 ஜூலையில்.

2004 என்பது அவருடைய கட்டுரைத் தொகுப்பின் பேப்பர்பேக் வந்த வருடம். வினய் தார்வாட்கர் பொதுப் பதிப்பாசிரியராக இருந்து, ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ் வெளியிட்ட அந்தத் தொகுப்பு முதலில் வந்தது 1999இல். அதுவும் அவர் இறந்து ஆறு வருடம் கழித்து. கட்டுரை முதன்முதலாக அச்சேறியது 1991இல், பவுலா ரிச்மன் பதிப்பித்த 'மெனி ராமாயணாஸ்' என்ற நூலில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியாக. அதே நூலின் இந்தியப் பதிப்பு தில்லியில் 1992இல் வந்தது. இது எல்லாவற்றுக்கும் முன்னால், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நாகரிகங்களை ஒப்பிடுவது பற்றி நடந்த ஒரு கருத்தரங்குக்காகத்தான் கட்டுரை எழுதப்பட்டது. அது 1987 பிப்ரவரி. கட்டுரையின் குறிப்பிலேயே அவர் இதைச் சொல்லிவிடுகிறார்.

ஆக ஒரே கட்டுரைக்கு ஐந்து வருடங்கள்: 1987, 1991, 1992, 1999, 2004. சரி, இதுல என்ன பெரிய பிரச்சினை, கையில் கிடைத்த புத்தகத்தின் வருடத்தைப் போட்டால் போதாதா என்று கேட்கலாம். வேறு ஒரு கட்டுரையாக இருந்தால் நானும் விட்டுவிடுவேன். இந்தக் கட்டுரைக்கு அது போதாது. ஏனென்றால் அந்தப் பதினேழு வருடங்களுக்குள்ளும் அதற்குப் பிறகும் ராமாயணத்தின் பெயரால் இந்தியாவில் நடந்தவை கொஞ்சநஞ்சமல்ல. தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் தொடர் 1987 ஜனவரி இறுதியில் தொடங்கியது. அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்டது 1992 டிசம்பரில். தில்லிப் பல்கலைக்கழக வரலாற்றுப் பாடத்தில் இந்தக் கட்டுரை இருந்ததை எதிர்த்து 2008 பிப்ரவரியில் வரலாற்றுத் துறைக்குள் புகுந்து ரகளை செய்தார்கள். 2011 அக்டோபரில் அதைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கினார்கள்.

இப்போது "ராமானுஜன் 2004" என்று படிக்கும் இருபது வயது மாணவர் என்ன நினைப்பார்? அயோத்திக்குப் பிறகு, அதற்கு மறுமொழியாக, ஒரு பேராசிரியர் எழுதிய அரசியல் கட்டுரை இது என்றுதான் நினைப்பார். "1992" என்று போட்டால் சந்தேகம் இன்னும் கூடும். கட்டுரையை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் அப்படித்தான் அதைப் படிக்கப் பழகிவிட்டார்கள் என்பது என் எண்ணம். உண்மையில் அவர் அதைக் கருத்தரங்குக்குக் கொண்டுபோனபோது தூர்தர்ஷன் தொடரே சில வாரங்கள்தான் ஓடியிருந்தது. "ராமாயணம் ஒன்று அல்ல, பல" என்பது அந்த மேடையில் சண்டைக்கு வீசிய கோஷமாக இல்லை. மொழிபெயர்ப்பு என்றால் என்ன, ஒரு கதையை இன்னொரு மொழி திரும்பச் சொல்லும்போது எது மாறாமல் வருகிறது, எது தலைகீழாகிறது என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் யோசித்துப் பார்த்தது அது. தலைப்பின் இரண்டாம் பாதியே, ஐந்து எடுத்துக்காட்டுகளும் மொழிபெயர்ப்பு பற்றிய மூன்று சிந்தனைகளும் என்றுதான் போகிறது. வருடத்தைத் தவறாகப் போட்டால் தலைப்பின் அந்தப் பாதி யார் கண்ணிலும் படுவதில்லை.

அதனால்தான் மறுவெளியீடான கட்டுரைக்குப் பதிவு எழுதும்போது இரண்டு விவரங்களையும் தரச் சொல்கிறார்கள். இரண்டும் செய்யும் வேலை வேறு வேறு. முதல் வெளியீட்டு விவரம், இது எப்போது, யாரிடம் சொல்லப்பட்டது என்பதைச் சொல்கிறது. இப்போதைய வெளியீட்டு விவரம், நான் எந்தத் தாளில் இதைப் படித்தேன், நீங்கள் எங்கே போய்ச் சரிபார்க்கலாம் என்பதைச் சொல்கிறது. வாதத்தின் தேதிக்கு முதலாவது. பக்க எண்ணுக்கு இரண்டாவது. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

பக்க எண் விஷயத்தை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 'மெனி ராமாயணாஸ்' நூலில் கட்டுரை 22ஆம் பக்கத்தில் தொடங்கி 50க்குள் முடிந்துவிடுகிறது. 1999 தொகுப்பில் அதே கட்டுரை 131இல் தொடங்கி 160இல் முடிகிறது. ஒருவர் தொகுப்பை வைத்துப் படித்துவிட்டு, "மூல வருடம் போட்டால் கௌரவமாக இருக்கும்" என்று நினைத்து "ராமானுஜன் 1991: 134" என்று எழுதுகிறார் என்று வையுங்கள். 1991 நூலை எடுத்து 134ஆம் பக்கத்தைத் திறந்தால் அங்கே வேறு யாரோ எழுதிய வேறு கட்டுரை இருக்கும். மறுபக்கம், "ராமானுஜன் 1999: 46" என்று ஒரு கலவை வந்தால் இன்னும் விசேஷம். தொகுப்பின் 46ஆம் பக்கத்தில் இருப்பதும் ராமானுஜன்தான், ஆனால் வேறு கட்டுரை: இந்தியச் சிந்தனை முறை என்று ஒன்று உண்டா என்று கேட்கும் அந்தப் புகழ்பெற்ற கட்டுரை. சரிபார்க்கப் போகிறவர், மேற்கோள் காட்டியவர் பொய் சொல்லிவிட்டார் என்றே முடிவுகட்டலாம். அதற்காக அவரைக் குறைசொல்லவும் முடியாது.

இந்தக் கலவையைக் கண்டுபிடிப்பது சுலபம். உடலில் வரும் பக்க எண், பின்பட்டியலில் அந்தக் கட்டுரைக்குக் கொடுத்திருக்கும் பக்க எல்லைக்குள் விழுகிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான். நான் யாருடைய ஆய்வேட்டைப் புரட்டினாலும் முதலில் செய்வது இதைத்தான். எல்லைக்கு வெளியே விழுந்தால், எழுதியவர் ஒரு புத்தகத்தைப் படித்து இன்னொன்றைப் படித்ததாகக் காட்டுகிறார், அல்லது மூன்றாமவரின் அடிக்குறிப்பிலிருந்து அப்படியே எடுத்துவிட்டார். பின்பட்டியலில் பக்க எல்லையே தராதவர்களிடம் இந்தச் சோதனை பலிக்காது. சிலர் அதனால்தான் தருவதில்லையோ என்று எனக்கு ஒரு குறும்பான சந்தேகம்.

மேலே சொன்ன அந்த இரண்டாவது கட்டுரையும் நல்ல உதாரணம். அது 1989இல் 'காண்ட்ரிப்யூஷன்ஸ் டு இந்தியன் சோஷியாலஜி' என்ற ஆய்விதழில், 23ஆம் தொகுதி முதல் இதழில், 41 முதல் 58 வரை வந்தது. அந்த இதழ் முழுவதும் மறுவருடம் மெக்கிம் மேரியட் பதிப்பித்த 'இந்தியா த்ரூ ஹிந்து கேட்டகரீஸ்' என்ற புத்தகமாக வெளியானது. பிறகு 1999 தொகுப்பில் 34 முதல் 51 வரை. ஆகவே ராமானுஜன் 1989, ராமானுஜன் 1990, ராமானுஜன் 1999 என்று மூன்று பேர் மூன்று விதமாகக் குறிப்பிடுவார்கள். மூவரையும் படிக்கிறவர், மனிதர் பத்து வருடமாக ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார் போல என்று எண்ணிக்கொள்வார். எழுதியது ஒருமுறைதான்.

இங்கே வருடத்தைத் தாண்டி இன்னொன்று இருக்கிறது. ஆய்விதழின் அந்த இதழில் 1 முதல் 39ஆம் பக்கம் வரை மேரியட்டின் நீண்ட கட்டுரை. இந்தியச் சமூகத்தை இந்தியாவின் சொந்தக் கருத்தாக்கங்களைக் கொண்டே விளக்க வேண்டும் என்று அவர் வாதிடுகிறார். அது முடிந்ததும் 41ஆம் பக்கத்தில் ராமானுஜன் வந்து, அப்படி ஒரு இந்திய முறை உண்டா என்று கேள்வி கேட்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று தெரிந்தவுடன் கேள்வியின் தொனியே மாறிவிடுகிறது, பாருங்கள். 1999 தொகுப்பில் அந்தப் பக்கத்து வீடு இல்லை. அங்கே முன்னும் பின்னும் ராமானுஜனே இருக்கிறார்.

'மெனி ராமாயணாஸ்' நூலிலும் இதே கதைதான். அங்கே ராமானுஜனின் கட்டுரைக்கு முன்னால் பதிப்பாசிரியரின் முன்னுரை, அது தொலைக்காட்சி ராமாயணத்தைப் பற்றிப் பேசுகிறது. பின்னால் கம்பனில் சீதையின் தீக்குளிப்பைப் பற்றி டேவிட் ஷுல்மன், பெரியார் ராமாயணத்தைப் படித்த விதம் பற்றி ரிச்மன். தமிழ் வாசகருக்கு இது எவ்வளவு முக்கியமான அயல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெரியாரின் வாசிப்பும் கம்பனும் ஒரே அட்டைக்குள் அடங்குவதற்கு ராமானுஜனின் "பல சொல்லல்கள்" என்ற பார்வை இடம் செய்து தருகிறது. தொகுப்பில் மட்டும் படித்தவருக்கு இந்தச் சேர்க்கை தெரியவே தெரியாது. ஆகவே "[1991] 1999" என்று இரட்டை வருடம் போட்டுவிட்டு நிறுத்துவது பாதி வேலை. முதல் வருடத்தோடு முதல் இடத்தின் பெயரும் வேண்டும்.

தலைப்பே மாறிவிடும் கட்டுரைகள் தனி ரகம். டி. எஸ். எலியட்டின் ஹாம்லெட் கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1919 செப்டம்பரில் 'அதீனியம்' வார இதழில் வந்தபோது ஒரு மதிப்புரை. ஜே. எம். ராபர்ட்சன் ஹாம்லெட்டைப் பற்றி எழுதிய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியது. 1920இல் 'த சேக்ரட் வுட்' தொகுப்பில் 'ஹாம்லெட் அண்ட் ஹிஸ் ப்ராப்ளம்ஸ்' என்ற பெயரில் இருக்கிறது. 1932இல் 'செலக்டட் எஸ்ஸேஸ்' வந்தபோது தலைப்பு வெறும் 'ஹாம்லெட்' ஆகிவிட்டது. "எலியட் 1932, ஹாம்லெட்" என்று போட்டால் என்ன தோன்றும்? 'த வேஸ்ட் லேண்ட்' எழுதி, ஆங்கிலத் திருச்சபையில் சேர்ந்து, இங்கிலாந்தின் பெரிய விமர்சகராக அமர்ந்துவிட்ட ஒருவர், நிதானமாக யோசித்து ஷேக்ஸ்பியருக்குச் சொன்ன தீர்ப்பு என்று தோன்றும். உண்மையில் முப்பதைத் தாண்டிய ஓர் இளைஞர், வாரப் பத்திரிகைக்கு, பிறர் புத்தகத்தைச் சாக்காக வைத்து எழுதிய துடுக்கான மதிப்புரை அது. அந்த நாடகம் தோல்வி என்று அவர் சொல்வதன் வேகம் மதிப்புரைக்கு உரிய வேகம். நம் கல்லூரிகளில் இந்தக் கட்டுரையைக் கடவுள் வாக்கு மாதிரி நடத்தியதற்கு, அந்தத் தொகுப்பின் கனமான அட்டையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பதிவில் இரண்டு தலைப்பும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 1920 தலைப்பை வைத்துக்கொண்டு 1932 தொகுப்பின் பொருளடக்கத்தில் தேடுகிறவருக்கு ஒன்றும் அகப்படாது.

இரட்டை வருடம் போடுவதில் ஒரு பொறியும் இருக்கிறது. "[1991] 1999" என்றால், இரண்டிலும் இருப்பது ஒரே உரை என்று நாம் சத்தமில்லாமல் உறுதி கொடுக்கிறோம். எல்லா நேரமும் அது உண்மை இல்லை. வால்டர் பெஞ்சமினின் கலைப்படைப்பும் இயந்திர மறுஉற்பத்தியும் பற்றிய கட்டுரையைப் பலர் "[1936] 1968" என்று போடுகிறார்கள். 1936இல் வெளிவந்தது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு, அதுவும் வெட்டுகளோடு. 1968இல் ஹன்னா அரெண்ட் பதிப்பித்த 'இலுமினேஷன்ஸ்' நூலில் ஹாரி ஸோன் ஆங்கிலப்படுத்தியது, பெஞ்சமின் அதற்குப் பிறகும் திருத்தி எழுதிய ஜெர்மன் வடிவத்தை. அது 1955இல்தான் அச்சில் வந்தது. ஆக 1936ஐயும் 1968ஐயும் ஒரே அடைப்பில் கட்டினால், இரண்டு வேறு உரைகளை ஒன்று என்று சொல்லிவிடுகிறோம். இப்படிப்பட்ட இடத்தில் அடைப்புக்குறி உதவாது. "பிரெஞ்சில் சுருங்கிய வடிவம் 1936, இங்கே படித்தது பிந்தைய ஜெர்மன் வடிவத்தின் ஆங்கிலம்" என்று ஒரு வாக்கியமாக எழுதிவிடுவதுதான் மேல்.

ஆங்கிலக் கல்வித்துறை நடைகள் இதை எப்படிச் செய்கின்றன என்று பார்த்தால் இரண்டு குணம் தெரிகிறது. இலக்கியக்காரர்களின் எம்.எல்.ஏ. பழைய பழக்கத்தில் முதல் வெளியீட்டை முன்னால் முழுதாக எழுதி, "மறுவெளியீடு" என்று சொல்லி, கையில் இருக்கும் நூலைப் பின்னால் வைக்கும். உளவியல்காரர்களின் ஏ.பி.ஏ. கையில் இருக்கும் நூலை முன்னால் எழுதி, "இதிலிருந்து மறுவெளியீடு" என்று மூலத்தைக் கடைசியில் அடைப்புக்குள் போடும். உடலில் 1991/1999 என்று சாய்கோடு. எனக்கு ஏ.பி.ஏ. வரிசையே பிடித்திருக்கிறது, ஏனென்றால் படித்ததைத்தான் அது முதலில் ஒப்புக்கொள்கிறது. தமிழில் நான் எழுதும்போது இப்படி வைத்துக்கொள்கிறேன்:

ராமானுஜன், ஏ. கே. [1991] 1999. "முந்நூறு ராமாயணங்கள்". த கலெக்டட் எஸ்ஸேஸ் ஆஃப் ஏ. கே. ராமானுஜன், பொதுப் பதிப்பாசிரியர் வினய் தார்வாட்கர், பக். 131–160. புது தில்லி: ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ். முதல் வெளியீடு: மெனி ராமாயணாஸ், பதிப்பாசிரியர் பவுலா ரிச்மன், பெர்க்லி: கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம், 1991.

உடலில் "ராமானுஜன் [1991] 1999: 134". பக்க எண் ஒட்டியிருக்கும் வருடத்துக்கு உரியது, அடைப்புக்குள் இருப்பது வாதத்தின் வருடம். 1987ஐப் பதிவுக்குள் திணிப்பதில்லை, அது அச்சு இல்லை. தேவைப்பட்டால் என் வாக்கியத்துக்குள் சொல்லிவிடுவேன், இங்கே சொன்ன மாதிரி. 2004 பேப்பர்பேக்கைக் கையில் வைத்திருப்பவர் 1999க்குப் பதில் 2004 போடலாம், தப்பில்லை. முன்னால் அந்த அடைப்புக்குறி மட்டும் இருக்கட்டும்.

ஸோடெரோ பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். அதில் தேதிக்கு ஒரே பெட்டிதான். மூல வருடத்தை `Extra` பெட்டியில் இப்படி ஒரு வரியாக எழுத வேண்டும்:

```
original-date: 1991
```

ஏ.பி.ஏ. போன்ற நடைகள் இதை எடுத்துக்கொண்டு இரட்டை வருடம் போடும். ஆனால் இந்த ஒரு வரியால் வருடம் மட்டும்தான் வரும், ரிச்மன் நூலின் பெயர் வராது. மென்பொருளை நம்பி விட்டுவிட்டால் மேலே சொன்ன பாதி வேலையோடு நின்றுவிடும். முதல் வெளியீட்டு வரியை நானே கையால் சேர்த்துவிடுகிறேன்.

இதையெல்லாம் மேற்கோள் காட்டுகிறவர் தலையில் மட்டும் கட்டுவதும் நியாயமில்லை. மூல விவரம் புத்தகத்திலேயே இல்லாவிட்டால் அவர் எங்கே போவார்? தமிழில் கட்டுரைத் தொகுப்புகளை எடுத்தால், "பல்வேறு இதழ்களில் அவ்வப்போது வெளியான கட்டுரைகள்" என்ற ஒற்றை வரி முன்னுரையில் இருக்கும். எந்த இதழ், எந்த மாதம் என்றால் மௌனம். ஒரு கட்டுரை நெருக்கடி நிலைக்கு முன்னால் எழுதியதா பின்னால் எழுதியதா என்று உள்ளே வரும் பெயர்களை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் நம்மிடம் முன்மாதிரி இல்லாமல் இல்லை. சீனி. விசுவநாதன் பாரதியின் எழுத்துகளைக் கால வரிசைப்படுத்தித் தனி ஆளாகத் தொகுதி தொகுதியாகக் கொண்டுவந்தார். ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் பதிப்பித்த புதுமைப்பித்தன் கதைகளில் ஒவ்வொரு கதைக்கும் முதல் வெளியீட்டு விவரம் உண்டு. அதே உழைப்பை எல்லாப் பதிப்பகத்திடமும் கேட்கவில்லை. உயிரோடு இருக்கும் ஆசிரியர் தன் கட்டுரைகளைத் தானே தொகுக்கும்போது, ஒவ்வொன்றின் கடைசி வரிக்குக் கீழே இதழின் பெயரும் மாதமும் வருடமும் போட, திருத்தியிருந்தால் "திருத்திய வடிவம்" என்று இரண்டு சொல் சேர்க்க, கட்டுரைக்கு ஒரு வரிதான் செலவாகும்.